ஆறும் ஒரே பக்கம் சாய்ந்தபோது

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இரண்டு சீட்டுகளை மேசையில் வைத்தார். ஒரே காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை: ராபர்ட்சன்பேட்டையில் உள்ள எங்கள் லேபில் 128, வேறொரு லேபில் 124. “எனக்குச் சர்க்கரை இருக்கா இல்லையா தம்பி?” என்றார். நோய்க்கான வரம்பு 126. என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் எங்கள் குளுக்கோஸ் முடிவு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று முறையாகக் கணக்குப் போட்டேன். அதற்குத் தனிச் சோதனை எதுவும் வேண்டாம், தினமும் ஓட்டும் கியூசி போதும். முதலில் ஒரு மாதத்து மதிப்புகளை மட்டும் எடுத்தேன், சி.வி. 1.2 சதவீதம் வந்தது. அழகான எண், ஆனால் பொய். அந்த மாதம் முழுக்க ஒரே ரீஏஜென்ட் லாட், ஒரே ஆள். ஆறு மாதத்தையும் சேர்த்தால் லாட் மாற்றம், கேலிப்ரேஷன், ஆள் மாற்றம் எல்லாம் உள்ளே வந்துவிடும். அப்போது 2.0 ஆனது.

கியூசி நம் சிதறலைத்தான் சொல்லும், சாய்வைச் சொல்லாது. சாய்வுக்கு, வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தர மதிப்பீட்டில் நாங்கள் பெற்ற ஆறு மாத முடிவுகளை எடுத்தேன். குழுச் சராசரியிலிருந்து எங்கள் விலகல் சதவீதத்தில்: +3.1, +2.2, +3.4, +2.6, +1.8, +2.9. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் 2.72. குழுச் சராசரிக்கும் ஒரு நிச்சயமின்மை உண்டு: குழு சி.வி. 4, பங்கேற்ற லேபுகள் 64, எனவே 4/√64 = 0.5. இதையும் வர்க்கமாக்கிச் சேர்த்தால் சாய்வின் பங்கு 2.77.

```
u = √(2.0² + 2.77²) = 3.4 %
U = 2 × 3.4 = 6.8 %
```

126-க்கு இது கிட்டத்தட்ட ±8.6. படிவத்தில் இதை எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம், பலர் மூடுகிறார்கள். என் கண்ணை உறுத்தியது ஆறு எண்களுக்கும் முன்னால் நின்ற கூட்டல் குறி. தற்செயல் என்றால் சில கழித்தலாகவும் வந்திருக்கும். வர்க்கமாக்கும்போது குறி மறைந்துவிடுவதால் விடையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கணக்குக்கு முன்பே பார்க்க வேண்டும். ஒரே பக்கச் சாய்வைச் சரிசெய்யத்தான் வேண்டும், நிச்சயமின்மைக்குள் ஒளித்துவைக்கக் கூடாது.

காரணம் எங்கள் தவறுதான். கேலிப்ரேட்டர் லாட் மாறியிருந்தது. மெஷினில் பழைய லாட்டின் மதிப்பே கிடந்தது. திருத்திய பின் வந்த ஆறு மாதமும் விலகல் இரு பக்கமும் ஒரு சதவீதத்துக்குள் நின்றது. சாய்வின் பங்கு 0.8 ஆனது, U 4.3-க்கு இறங்கியது. 126-க்கு ±5.4.

பெரியவரின் 128-ம் 124-ம் இந்த அளவுக்குள் ஒன்றுதான். அதை அவரிடம் சொல்லி, மருத்துவரைப் பார்த்து வேறொரு நாள் மறுபடி எடுக்கச் சொன்னேன்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சேராது. சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். மாரிக்குப்பத்தில் வீட்டில் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து லேபுக்கு வரும் குழாயில், அந்த இழப்பு மட்டுமே எங்கள் 4.3-ஐ விடப் பெரியது.