சீல் வைக்கும் முன்பே எழுதிக்கொண்ட பட்டியல்

கேள்வி: தூத்துக்குடியில் உப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு அலுவலகத்துக்கு ஆவண வேலை பார்க்கிறேன். வாரத்தில் 2 நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுத சாட்ஜிபிடி உதவுகிறது. பழைய உரையாடலைத் தேடி எடுப்பது பெரும்பாடாக இருந்ததால், எல்லாவற்றையும் சேமித்து அடுக்கி வைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை 4 மாதம் முன்பு குரோமில் போட்டேன். போன வாரம் அலுவலகக் கம்ப்யூட்டரில் என் ஜிமெயிலைப் போட்டு உள்ளே போனால், நான் நிறுவாமலே அந்த எக்ஸ்டென்ஷன் அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் எழுதிய கடிதம் அத்தனையும் அதன் பக்கப் பலகையில் தெரிகிறது! முதலாளியின் மகன் பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் வெளியே போகுது" என்கிறார். குரோம் கடையில் அதற்கு "Featured" என்ற பட்டை இருக்கிறது. முகவரிப் பட்டையின் ஓரத்திலுள்ள குறியை அழுத்தினால் பூட்டு அடையாளமும் தெரிகிறது. நான் பயப்பட வேண்டுமா?
— வாசகி, சாகுபுரம்

பதில்: முதலாளியின் மகன் சொல்வது அநேகமாகச் சரிதான். அதற்கான சோதனையில் பாதியை நீங்களே செய்துவிட்டீர்கள்.

எக்ஸ்டென்ஷன் தானாக வந்தது பெரிய மாயமில்லை. ஒரே கூகுள் கணக்கில் ஒத்திசைவை இயக்கி வைத்தால், ஒரு கம்ப்யூட்டரில் போட்ட எக்ஸ்டென்ஷனை அடுத்த கம்ப்யூட்டரிலும் குரோமே நிறுவிவிடும். கவனிக்க வேண்டியது உள்ளே தெரிந்த கடிதங்களை. எக்ஸ்டென்ஷன்கள் தங்கள் தகவலை ஒத்திசைக்க குரோம் ஒரு சிறிய இடம் தருகிறது. அது மொத்தமே 100 கேபி அளவு. சின்னச் சின்ன அமைப்புகளை வைத்துக்கொள்ளத்தான் அந்த இடம். நீங்கள் 4 மாதம் எழுதியதெல்லாம் அதில் அடங்காது. ஆகவே, அலுவலகக் கம்ப்யூட்டரில் சாட்ஜிபிடிக்குள் நுழையாமலே அவை தெரிந்தன என்றால், அவை வேறொரு சர்வரில் இருக்கின்றன: எக்ஸ்டென்ஷன்காரருடையதில், அல்லது நிறுவும்போது நீங்கள் இணைத்துக் கொடுத்த கூகுள் டிரைவ் போன்ற ஒன்றில். எதையும் இணைத்த நினைவில்லை என்றால் அவருடையதில்தான். சாட்ஜிபிடியின் சர்வரிலும் அந்த உரையாடல்கள் இருக்கின்றன என்பது உண்மை. அங்கே யாரிடம் கொடுத்தோம் என்றாவது தெரியும். இங்கே இரண்டாவதாக ஒருவர் வந்து நிற்கிறார், அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

பூட்டு அடையாளம் ஏன் உதவவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். கன்டெய்னரில் சரக்கை ஏற்றி, கதவை மூடி, சீல் போட்டபின் வழியில் யாரும் திறந்தால் தெரிந்துவிடும். சரக்கு ஏற்றும்போதே கொட்டகைக்குள் ஒருவன் நோட்டும் பேனாவுமாக நின்று மூட்டை மூட்டையாக எழுதிக்கொண்டால் சீல் என்ன செய்யும்? பூட்டு அடையாளம் அந்த சீல் மாதிரி. உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவிலுள்ள பாதையைத்தான் அது காக்கும். எக்ஸ்டென்ஷன் இருப்பது பாதையில் இல்லை, கொட்டகைக்குள். வாட்ஸ்அப் வெப்பும் இப்படித்தான். செய்தி இரு முனைக்கும் நடுவே மறையாக்கப்பட்டுப் போனாலும், திரையில் வாசிக்கும் எழுத்தாக விரிந்தபின், அந்தப் பக்கத்தைப் படிக்க அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன் அதையும் படிக்கும்.

"Featured" பட்டைக்கு வருவோம். 2025 டிசம்பரில் கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனம் ஒரு ஆய்வை வெளியிட்டது. அர்பன் விபிஎன் பிராக்ஸி என்ற இலவச எக்ஸ்டென்ஷனைப் பற்றியது அது. குரோமில் மட்டும் 60 லட்சம் பேர் வைத்திருந்தார்கள், அதற்கும் இதே பட்டை இருந்தது. தனியுரிமையைக் காப்பதாகச் சொல்லித்தான் அதைக் கொடுத்தார்கள். 2025 ஜூலை 9 அன்று வெளியான 5.5.0 பதிப்பிலிருந்து, சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற தளங்களில் ஒருவர் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் சேர்த்து அது வெளியே அனுப்பியது. விபிஎன்னை நிறுத்தி வைத்திருந்தாலும் அனுப்பியது. நிறுத்த ஒரு பொத்தானும் கிடையாது. எக்ஸ்டென்ஷனையே நீக்கினால்தான் நிற்கும். அந்த எக்ஸ்டென்ஷனை வெளியிட்ட நிறுவனத்தின் மற்ற எக்ஸ்டென்ஷன்களையும் சேர்த்தால் 80 லட்சம் பேருக்கு மேல்.

செய்த விதம் எளிமையானது. ஒரு இணையப் பக்கம் சர்வரோடு பேச `fetch` என்ற வாசலைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தும். நீங்கள் சாட்ஜிபிடியைத் திறந்ததும் எக்ஸ்டென்ஷன் தன் நிரல் ஒன்றைப் பக்கத்துக்குள் இறக்கி, அந்த வாசலை அகற்றிவிட்டுத் தன் வாசலை மாட்டிவிடும். போவதும் வருவதும் வழக்கம்போலவே நடக்கும், தாமதம் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நகல் எடுக்கப்பட்டு, எக்ஸ்டென்ஷனின் பின்னணி நிரலுக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அந்த நிறுவனத்தோடு தொடர்புடையது பைசயன்ஸ் என்ற தரவு வியாபார நிறுவனம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஜூலை 9 தேதிதான். அதற்கு முன்பே நிறுவியவர்கள், நிறுவிய நாளில் எந்தத் தவறும் செய்யவில்லை. எக்ஸ்டென்ஷன்கள் கேட்காமலே தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். ஏற்கெனவே வாங்கிய அனுமதி போதுமென்றால் புதிய பதிப்பு உங்களிடம் எதையும் கேட்காது. வாசல் காவலுக்கு வைத்தவரின் இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஆளை நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

உங்களுடையது களவு எக்ஸ்டென்ஷன் என்று நான் சொல்லவில்லை. சேமித்து வைக்கிறேன் என்று சொல்லித்தான் சேமிக்கிறது. ஆனால் நேர்மையானவரின் எக்ஸ்டென்ஷனும் கைமாறலாம், களவும் போகலாம். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்துக்கே அது நடந்தது. குரோம் கடையிலிருந்து வந்ததுபோன்ற போலி மின்னஞ்சலை ஊழியர் ஒருவர் நம்பி அனுமதி கொடுத்துவிட, கிறிஸ்துமஸ் சமயத்தில் திருட்டு நிரலோடு ஒரு பதிப்பு வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது.

அனுப்புகிறதா என்று கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. `chrome://extensions` பக்கத்தில் "Developer mode" இயக்கி, எக்ஸ்டென்ஷனின் "Details" உள்ளே "service worker" என்பதை அழுத்தினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் "Network" பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சாட்ஜிபிடியில் ஏதாவது எழுதுங்கள். எழுதியவுடன் தெரியாத முகவரிக்கு ஒரு வரி கிளம்பினால் அதைத் திறந்து "Payload" பாருங்கள். உங்கள் வாக்கியமே அங்கே நின்றால் சந்தேகம் தீர்ந்தது. எதுவும் தெரியவில்லை என்றால் தீர்ந்ததென்று எடுத்துக்கொள்ள முடியாது. சுருக்கியோ குறியாக்கியோ அனுப்பினால் கண்ணுக்குப் புரியாது. அதோடு, ஆக்ஸ் செக்யூரிட்டி கண்டுபிடித்த இரண்டு போலி எக்ஸ்டென்ஷன்கள், ஏறக்குறைய 9 லட்சம் பேரிடம் இருந்தவை, உரையாடல்களைச் சேர்த்து வைத்து 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பின. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஜன்னலை மூடியவர் ஏமாந்திருப்பார்.

இனி உங்கள் கடிதங்களுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டன்னுக்கு என்ன விலை சொன்னீர்கள், எவ்வளவு குறைக்கச் சம்மதித்தீர்கள், வாங்குபவரின் பெயரும் மின்னஞ்சலும், இன்வாய்ஸ் எண், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு. போட்டி வியாபாரிக்கு விலை தெரிவது ஒரு நஷ்டம். அதைவிட மோசமானது இன்னொன்று: சரியான இன்வாய்ஸ் எண்ணோடு, உங்கள் கடித நடையிலேயே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று அந்த வெளிநாட்டு வியாபாரிக்கு ஒரு மின்னஞ்சல் போவது. இந்த மோசடி ஏற்றுமதிக்காரர்களுக்குப் புதிதில்லை. அதைச் செய்பவனுக்கு இதுவரை கிடைக்கக் கஷ்டமாக இருந்தது இந்த உள்விவரங்கள்தான்.

செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். எக்ஸ்டென்ஷனை உடனே நீக்கத் தோன்றும், பொறுங்கள். நீக்கினால் சர்வரில் உள்ளது போகாது, உள்ளே போய் அழிக்கும் வழிதான் அடைபடும். முதலில் அதற்குள் நுழைந்து உரையாடல்களை அழியுங்கள், கணக்கையும் மூடுங்கள். அழிக்கக் கேட்டு அவர்களுக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. சட்டம் வந்து காக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து, கூகுள் கணக்கை இணைத்திருந்தால் `myaccount.google.com/connections` பக்கத்தில் அந்த இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்கி, வீடு, அலுவலகம் இரண்டிலும் போய்விட்டதா என்று பாருங்கள். கடைசியாக சாட்ஜிபிடியில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மறுபடி நுழையுங்கள்.

பழைய உரையாடல் வேண்டுமென்றால் அதற்கு மூன்றாம் ஆள் தேவையில்லை. சாட்ஜிபிடியின் "Settings" உள்ளே "Data controls" பகுதியில் "Export data" இருக்கிறது. கேட்டால் எல்லாவற்றையும் கட்டி, இறக்கிக்கொள்ள இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும். அது 24 மணி நேரம்தான் செல்லும், அதற்குள் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு கடிதம் போதுமென்றால் கண்ட்ரோல்-பி அழுத்தி பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளலாம். அலுவலக வேலைக்கென்று குரோமில் தனி புரொஃபைல் ஒன்று திறந்து, அதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூடப் போடாமல் வைத்திருப்பது என் வழக்கம். விட முடியாத எக்ஸ்டென்ஷன் ஏதும் இருந்தால், அதன் "Site access" அமைப்பை "On click" என்று மாற்றுங்கள். நீங்கள் அழுத்தும்போது மட்டும் அது அந்தப் பக்கத்தைப் பார்க்கும்.

ஏற்கெனவே போனது திரும்பி வராது. அதனால் நாளைக்கே முதலாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மகன் வழியாகத் தெரிய வேண்டாம். வெளிநாட்டு வியாபாரிகள் எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை, மாறியதாகக் கடிதம் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்." அந்தக் கடிதத்தை எக்ஸ்டென்ஷன் இல்லாத புரொஃபைலில் எழுதுங்கள்.