காலைக் கரையில் முற்பகல் படகு





கல்முனைக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், விடிந்தவுடன் எடுக்கப்படும் படத்தில் கடலைப் பார்த்த பக்கங்கள் மஞ்சளேறியும், ஊரைப் பார்த்த பக்கங்கள் வானொளியை மட்டும் பெற்று நீலம் கலந்தும் தெரியும். முற்பகல் பதினொரு மணி வெயிலில் எடுத்த வெள்ளைப் படகொன்றை வெட்டி அப்படத்தில் வைத்தால் அது ஒட்டாமல் நிற்பதற்கு, அதன் வெயில் பக்கமும் நிழல் பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பதே முதற்காரணம்.

இதைச் சீர்செய்ய உதவும் லாப் நிறமுறை 1976இல் வரையறுக்கப்பட்டது. அதில் L என்பது 0 முதல் 100 வரையான வெளிச்ச அளவையும், a பச்சைக்கும் சிவப்புக்கும் இடையிலான நிலையையும், b நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலான நிலையையும் குறிக்கின்றன. a, b இரண்டும் 0 ஆனால் நிறச்சாயல் இல்லை. வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் நகர்த்த முடிவது இதன் வசதி. போட்டோஷொப்பில் `Image > Mode > Lab Color` வழியாக இம்முறைக்கு மாறும்போது லேயர்களை ஒன்றாக்காமல் விடவேண்டும்.

அளக்க ஒரு வெள்ளைப் பொருள் தேவை. கரையில் கிடக்கும் மீன் ரெஜிபோம் பெட்டியே போதும். `Color Sampler` கருவியால் தொட்டால், அப்பெட்டியின் வெயில் முகம் L 78, b 22 எனவும், நிழல் முகம் L 45, b -10 எனவும் காட்டுகின்றன என்று கொள்ளலாம். படகின் வெள்ளையோ வெயிலில் L 94, b 3. நிழலில் L 58, b -5. L சிக்கலில்லை: `Curves` கோட்டில் 94ஐ 78க்கும், 58ஐ 45க்கும் இறக்கினால் முடிந்தது. b அலைவரிசையிலும் அதையே செய்ய முயல்வதுதான் பலரும் விழும் குழி. 8 அலகு இடைவெளி 32 ஆக இழுபடுவதால், b -40 அளவில் இருந்த படகின் நீலப் பட்டை அளவின் எல்லையையே தாண்டிக் கண்ணைக் குத்தும்.

ஆகவே b திருத்தத்தை இரண்டு `Curves` லேயர்களாகப் பிரித்து, வெயில் பக்கத்துக்கு 19 கூட்டி, நிழல் பக்கத்துக்கு 5 குறைப்பதே முறை. a அலைவரிசைக்கும் இதே வழிதான், மாற்றம் மட்டும் சிறிது. லேயர்களின் மாஸ்க்கை வெளிச்ச அளவைக் கொண்டு தானாக எடுக்கக்கூடாது, ஏனெனில் வெயிலில் இருக்கும் நீலப் பட்டை நிழலில் இருக்கும் வெள்ளையைவிட இருண்டது. படகின் வளைவைப் பார்த்துத் தூரிகையால் தீட்டவேண்டும். கறுப்பு எஞ்சினை மாஸ்க்கில் பெருமளவு மறைக்காவிட்டால் அது கபில நிறமாகும். உண்மையில் கறுப்பு, மஞ்சள் ஒளியிலும் கறுப்பாகவே இருக்கும். நீலப் பட்டை மஞ்சள் ஒளியில் மங்குவதோடு இருளவும் செய்யும் என்பதால், அதன் L அளவைத் தனியே சற்றுக் குறைக்கவேண்டும்.

வேலை சரியா என்பதை b அலைவரிசையை மட்டும் திறந்து பார்த்து அறியலாம். கறுப்பு வெள்ளையாகத் தெரியும் அப்படத்தில் படகின் வெள்ளைப் பகுதி பெட்டியோடு சேராமல் தனித் துண்டாகத் தெரிந்தால், எந்தப் பக்கம் பிசகியது என்பது அங்கேயே புலப்படும். எனினும் உச்சியை நெருங்கிய வெயிலில் படகின் விளிம்பு தன் பக்கத்தின்மீதே விழுத்திய குறுநிழலை எந்த எண்ணும் மாற்றாது. அது தெளிவாகத் தெரியுமானால், படகை விடியலில் மறுபடி படமெடுப்பதே குறுக்கு வழி.