தீபாவளி முறுக்குக்கு எத்தனை கிலோ? நோட்டே சொல்லும்!

வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் தோழிகளே, தீபாவளிக்குச் சரக்கு போதாமல் போனாலும் நஷ்டம், மிஞ்சிக் காறல் வாடை அடித்தாலும் நஷ்டம். பழைய கணக்கு நோட்டும் கால்குலேட்டரும் இருந்தால் போதும், எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிடலாம்.

1. விற்பனையைக் கிலோவில் எழுதுங்கள், ரூபாயில் வேண்டாம். எண்ணெய் விலை ஏறி நாமும் விலையைக் கூட்டியிருந்தால், ரூபாய்க் கணக்கில் வியாபாரம் வளர்ந்த மாதிரியே தெரியும். முறுக்கு தனி, அதிரசம் தனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

2. மாதம் மாதமாகப் பார்க்காமல் மூன்று மூன்று மாதமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். தீபாவளி 2025-ல் அக்டோபர் 20, இந்த 2026-ல் நவம்பர் 8. தனி மாதமாகப் பார்த்தால் போன வருஷத்து அக்டோபர் நம்மை ஏமாற்றிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேர்த்துவிட்டால் பண்டிகை எந்தத் தேதியில் வந்தாலும் அதற்குள் அடங்கிவிடும்.

3. யாரோ ஒருவர் கல்யாணச் சீருக்கு மொத்தமாக வாங்கியிருந்தால் அந்தக் கிலோவைக் கழித்துவிடுங்கள், அடுத்த வருஷமும் அது வரப்போவதில்லை. "தீர்ந்துபோச்சு அக்கா" என்று திருப்பி அனுப்பிய ஆர்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது எவ்வளவு கேட்டார்கள் என்ற கணக்கு, விற்றதை மட்டும் பார்த்தால் அது குறைவாகத்தான் தெரியும்.

4. இப்போது ஒரு கணக்கு போடுவோம். ஜனவரியில் தொடங்கி மூன்று மாதத்துக்கு ஒன்றாக 2023-ல் 40, 30, 50, 80 கிலோ. 2024-ல் 48, 36, 66, 90. 2025-ல் 56, 42, 63, 119 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷத்தையும் கூட்டி நாலால் வகுத்தால் சராசரி 50, 60, 70 என்று வரும்.

5. தீபாவளிப் பருவத்தின் கிலோவை அந்தந்த வருஷத்துச் சராசரியால் வகுங்கள்: 80-ஐ 50-ஆல், 90-ஐ 60-ஆல், 119-ஐ 70-ஆல். 1.6, 1.5, 1.7 என்று கிடைக்கும். மூன்றுக்கும் சராசரி 1.6. இதுதான் பருவக் குறியீடு. சாதாரணமாக 10 கிலோ போகிற இடத்தில் தீபாவளிக்கு 16 கிலோ போகும் என்று அர்த்தம்.

6. மற்ற மூன்று பருவத்துக்கும் இதே மாதிரி போட்டால் 0.8, 0.6, 1.0 வரும். நாலு குறியீட்டையும் கூட்டினால் 4 வரவேண்டும். கொஞ்சம் கூடக்குறைய வந்தால், ஒவ்வொன்றையும் நாலால் பெருக்கி, வந்த கூட்டுத்தொகையால் வகுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

7. அடுத்தது வளர்ச்சி. சராசரி 50, 60, 70 என்று வருஷத்துக்குப் பத்துப் பத்தாக ஏறுகிறது, ஆகவே 2026-க்கு 80. அதை 1.6-ஆல் பெருக்கினால் தீபாவளிப் பருவத்துக்கு 128 கிலோ. வளர்ச்சி நிதானமாக இருக்கும்வரை இந்தக் கணக்கு போதும். வியாபாரம் ஒரே வருஷத்தில் இரண்டு மடங்கானால், அந்த வருஷத்துக் கடைசி மூன்று மாதம் வளர்ச்சியாலும் உயர்ந்திருக்கும், குறியீடு ஊதித் தெரியும்.

8. தீபாவளி வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே ஒரு சோதனை போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை 66 கிலோ விற்றிருந்தால், அதை 0.8-ஆல் வகுத்தால் 82.5, எதிர்பார்த்த 80-ஐ ஒட்டி வருகிறது, கவலையில்லை. 56 கிலோதான் என்றால் 70 வரும், அதாவது போன வருஷத்து நிலையிலேயே நிற்கிறது. அடுத்த மூன்று மாதமும் அப்படியே இருந்தால் 128-ஐ 112 ஆகக் குறைத்துவிடுங்கள்.

9. கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதையும் நோட்டிலேயே பார்க்கலாம். முதல் இரண்டு வருஷத்தை மட்டும் வைத்து 2025-ஐக் கணித்தால் 70 × 1.55, அதாவது 108.5 கிலோ, போனதோ 119. பத்துக் கிலோ போல விலகுகிறது, ஆகவே இந்த வருஷமும் 115-லிருந்து 140 வரை போகலாம் என்று மனதில் வையுங்கள்.

10. அரிசி, உளுந்தை 140 கிலோ முறுக்குக்கே வாங்கிவிடலாம். மிஞ்சினால் நம் வீட்டு இட்லிக்கு ஆகும். எண்ணெய், வெண்ணெயை 115-க்கு மட்டும் வாங்கி, மீதியைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கையிலிருக்கும் ஆர்டரைப் பார்த்து வாங்குங்கள். அதோடு, இந்த வருஷம் நோட்டில் தேதியோடு "தீபாவளிக்கு இத்தனை நாள் முன்" என்றும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் எந்த வாரத்தில் எவ்வளவு சுடுவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.