'ஃபில்டரே போடலீங்க, அப்புறம் எப்படி நிறம் மாறும்?'

நம்பிக்கை: ஃபில்டர் போடாத படம் அசல் நிறத்தைக் காட்டும்.

ஃபில்டர் போடாவிட்டாலும், படம் எடுக்கும்போதே போன் நிறத்தைத் திருத்திவிடுகிறது. அரக்கு நிறப் பட்டுச்சேலையைத் திரை முழுக்க நிரப்பி எடுத்தால், விளக்கு வெளிச்சம்தான் சிவப்பாக இருக்கிறது என்று போன் தப்பாகக் கணக்குப் போட்டுச் சிவப்பைக் குறைக்கும். அடர் நிறத்தைப் பார்த்து இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தையும் கூட்டும். அரக்கு வெளுத்துச் செங்கல் நிறமாகிவிடும். பார்சலைப் பிரித்த வாடிக்கையாளர் 'நான் கேட்டது இது இல்லை' என்று சொல்வதில் தப்பே இல்லை.

கேமரா கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை ஒன்றைச் சேலையின் ஓரத்தில், அதே வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். பிறகு ஸ்னாப்சீட் செயலியின் ஒயிட் பேலன்ஸ் பகுதியில் உள்ள துளிக்குழாயை அந்த அட்டையின் மேல் வைத்தால் நிறம் சரியாகும். ஜெராக்ஸ் தாள் இதற்கு உதவாது. பளிச்சென்று தெரிய அதில் சேர்க்கும் பொருள் லேசாக நீலம் அடிக்கும். வெளிச்சத்தைக் கூட்டாமல் இருக்க, திரையில் சேலையை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் கீழே இழுங்கள்.

நம்பிக்கை: ஜன்னல் ஓரத்தில் எடுத்தால் போதும்.

ஜன்னல் நல்ல இடம்தான், ஆனால் அறையின் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒரே படத்தில் இரண்டு வகை வெளிச்சம் விழுந்தால் அட்டையாலும் திருத்த முடியாது.

மயில்கழுத்துச் சேலைக்கு இதுவும் போதாது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்பதால், விரித்துப் போட்டால் நீலமாகவும் மடிப்பில் பச்சையாகவும் தெரியும். விரித்து ஒன்று, மடிப்பு விழ ஒன்று என்று இரண்டு படமாவது போடுங்கள். அழகான ஒன்றை மட்டும் போடுவது பாதி உண்மையை மறைப்பதுதான்.

நம்பிக்கை: பக்கத்தில் ஸ்கேல் வைத்தால் அளவு தெரிந்துவிடும்.

ஸ்கேல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2.4 செ.மீ. அகல ஜிமிக்கியைத் தொங்கவிட்டு, 2 செ.மீ. பின்னால் சுவரில் ஸ்கேலை ஒட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலுக்கு 10 செ.மீ. தூரத்தில் கேமரா இருந்தால், ஜிமிக்கி அந்த ஸ்கேலில் 3 செ.மீ. காட்டும். அரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் 2.5தான் காட்டும். ஸ்கேலை ஜிமிக்கிக்குச் சமமாக, அதே தூரத்தில் பிடித்துவிட்டால் அந்த வித்தியாசமும் இருக்காது. அளவைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். கீழே எழுதியதைப் பலர் படிப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும், இரவில் கண் கூசாமலிருக்க வாடிக்கையாளர் திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தால் அதை நம்மால் திருத்த முடியாது. அதனால் வெறுமனே 'மஞ்சள்' என்று எழுதாமல், எலுமிச்சை மஞ்சளா, மாம்பழ மஞ்சளா என்று எழுதுங்கள்.