சிபிகே 1.33: எல்லா பாட்டிலும் சரிதானா?

நம்பிக்கை: பாட்டில் லைனின் சிபிகே 1.33-ஐத் தொட்டுவிட்டால், அளவு குறைந்த பாட்டில் வெளியே போகாது.

உண்மை: சிபிகே பாட்டில்களை எண்ணிப் பார்த்துச் சொல்லும் கணக்கு அல்ல. சராசரிக்கும் அதற்கு நெருக்கமான எல்லைக்கும் உள்ள தூரத்தை, திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் வருவது அது. அளவுகள் ஒரே மணி வடிவத்தில் பரவியிருந்தால்தான், 1.33 என்பதற்கு லட்சத்தில் ஆறு பாட்டில் தவறும் என்று பொருள். பல ஹெட் கொண்ட ஃபில்லரில் அந்த அனுமானத்தை அப்படியே நம்ப முடியாது.

24 ஹெட் உள்ள ஒரு ஃபில்லர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். கீழ் எல்லை 985 மில்லி. இந்தியாவின் 2011 பொட்டலப் பொருள் விதிகள் ஒரு லிட்டருக்கு அனுமதிக்கும் பிழை 15 மில்லி. மேல் எல்லை 1015 என்பது நிறுவனம் தானே வைத்துக்கொண்டது. 23 ஹெட்கள் சராசரியாக 1000 மில்லி நிரப்புகின்றன. வால்வு கெட்ட ஒரு ஹெட் மட்டும் 984. ஒவ்வொன்றின் திட்டவிலக்கமும் 2 மில்லி. மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஐந்து பாட்டில்களை எடுத்தால், கெட்ட ஹெட் அதில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். சிக்காத வரை சிபிகே 2.5 என்று ஜொலிக்கும்.

நாள் முழுக்க எடுத்தால் அதுவும் சிக்கிவிடுமே என்று கேட்கலாம். சிக்கும். எல்லா ஹெட்களையும் ஒன்றாகச் சேர்த்தால் திட்டவிலக்கம் 3.8 மில்லிக்கு ஏறும், சராசரி 999.3-க்கு இறங்கும், சிபிகே 1.27 ஆகும். பலரும் வழுக்குவது இங்கேதான். 1.33-க்குக் கொஞ்சம்தான் குறைகிறது என்று நினைத்து, நிரப்பும் அளவை முக்கால் மில்லிக்கும் குறைவாக உயர்த்துகிறார்கள். சராசரி 1000-க்கு வருகிறது, சிபிகே 1.33 ஆகிறது, அறிக்கையில் கையெழுத்தும் விழுகிறது. ஆனால் கெட்ட ஹெட் நிரப்பும் பாட்டில்களில் பாதிக்கு மேல் இன்னும் 985-க்குக் கீழேதான் இருக்கின்றன. மொத்தத்தில் 42 பாட்டிலுக்கு ஒன்று அளவு குறைகிறது. அதாவது லட்சத்தில் ஆறு அல்ல, இரண்டாயிரத்துக்கும் மேல்.

அப்படியானால் இந்தக் குறியீடே வீண்தானா? இல்லை, கேட்கும் இடம்தான் தவறு. எடுக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஹெட் எண்ணைக் குறித்து, ஹெட் வாரியாகக் கட்டுப்பாட்டு வரைபடம் போட்டு, ஏற்ற இறக்கம் நிலையாக இருப்பது உறுதியான பிறகு 24 சிபிகேக்களைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். வேலை கூடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் 23 ஹெட்கள் 2.4-க்கு அருகில் நிற்கும், கெட்ட ஹெட்டின் சிபிகே பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும். மாற்ற வேண்டியது நிரப்பும் அளவை அல்ல, அந்த ஒரு வால்வை.