எண்ணெய் வழியும் இமையில் ஐ ஷேடோ கலையாமல் இருக்க

கல்யாண வீட்டுக்குப் போடும் ஐ ஷேடோ, பந்தி முடிவதற்குள் இமை மடிப்பில் கோடாகத் திரண்டுவிடுகிறதா? இமையில் சுரக்கும் எண்ணெய் நிறத்துகளை இளக்க, ஒவ்வொரு இமைப்பும் அதை மடிப்புக்குள் தள்ளுவதுதான் காரணம்.

முதலில் இமையை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கனமான க்ரீம் எதுவும் அங்கே வேண்டாம். ஐ பிரைமர் இரு கண்ணுக்கும் சேர்த்து ஓர் அரிசியளவு போதும்; இதில் தாராளம் காட்டினால் பிரைமரே மடிப்பில் திரளும். மோதிர விரலால் தட்டிப் பரப்பி, ஒரு நிமிடம் காயவிடுங்கள். தொட்டால் பிசுபிசுக்கிறதா? மிச்சத்தை ஒற்றிவிட்டு, நிறமற்ற செட்டிங் பவுடரைச் சிறு பிரஷ்ஷால் மெல்லத் தொட்டுவையுங்கள். இமை வறண்டு சுருங்கித் தெரிந்தால் பவுடர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஐ ஷேடோவை ஒரேயடியாக அப்பாமல், மெல்லிய பூச்சாக இரண்டு முறை அழுத்தி வையுங்கள். பென்சில் லைனர் போட்டால், அதே நிற ஷேடோவை அதன்மேல் ஒற்றுங்கள். மேல் இமையில் அச்சு விழாது. கண்ணுக்குள் வைக்கும் மைக்கு மட்டும் இது கூடாது, தூள் கண்ணை உறுத்தும்.