மீட்டர் காட்டிய தொகை சரியா?

கேள்வி: கோலாலம்பூரில் பகலில் டாக்சியை விட்டு இறங்கும்போது மீட்டரைப் படம் எடுத்தேன். தூரம் 9 கி.மீ., காத்திருப்பு 12 நிமிடம், கட்டணம் 19.50 ரிங்கிட். இது சரியா?

பதில்: அங்கே 2015-இல் பட்ஜெட் டாக்சிக்கு வைத்த கட்டணப்படி பார்ப்போம். முதல் கிலோமீட்டருக்கு 3 ரிங்கிட். அதன் பிறகு 200 மீட்டருக்கு 25 சென், அதாவது கிலோமீட்டருக்கு 1.25 ரிங்கிட். எனவே மீதி 8 கி.மீ.க்கு 10 ரிங்கிட். காத்திருப்புக்கு 36 விநாடிக்கு 25 சென் என்பதால் 12 நிமிடத்துக்கு 5 ரிங்கிட். மொத்தம் 18.

இந்தப் பதினெட்டுமே உச்சவரம்புதான். 36 விநாடியில் 200 மீட்டர் என்றால் மணிக்கு 20 கி.மீ. வேகம். வண்டி அதற்கும் மெதுவாக ஊரும்போது மீட்டர் நேரத்தை மட்டும் எண்ணும், தூரத்தைச் சேர்க்காது. அந்த 12 நிமிடத்தில் வண்டி ஒரு கிலோமீட்டர் ஊர்ந்திருந்தால் 16.75 ரிங்கிட்தான் வந்திருக்க வேண்டும். நாம் காகிதத்தில் கணக்குப் போடும்போது இரண்டையும் கூட்டிவிடுகிறோம்.

ஆகவே 19.50 கூடுதல்தான். நள்ளிரவுக்குப் பின் வாங்கும் 50 சதவீதக் கூடுதலும் இதற்குக் காரணமாக முடியாது. நீங்கள் பயணம் செய்தது பகலில். பெட்டி, முன்பதிவு போன்றவற்றுக்கான தொகை இதில் சேர்ந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் ரசீதும் வண்டி எண்ணும் வைத்துப் புகார் கொடுக்கலாம்.